பால் கொள்முதல் சர்வர் நின்ற காலை: ஒருங்கிணைப்பாளர் அழைப்பில் சொன்ன நிலவரங்கள்

5:52

எல்லாருக்கும் வணக்கமுங்க. இந்த அழைப்பை நான் நடத்துறேன். கேட்க வந்தவங்க மைக்கை மூடிக்குங்க. பேசணும்னா சாட்டில சங்கத்தோட நம்பரைப் போட்டுட்டுப் பேசுங்க.

தெரிஞ்சது இவ்வளவுதான். 5:34-ல இருந்து சங்கங்கள்ல காலை ஷிஃப்ட் திறக்கல, மிஷின்ல "சர்வர் பிஸி"ன்னு வருது. மொத்தம் 188 சங்கம். 5:31-க்கு முன்னாடி திறந்த 61 சங்கத்துல விலை சார்ட் இறங்கிடுச்சு, அங்க சீட்டு வருது. மீதி 127-ல வரல. காரணம் இன்னும் தெரியல.

இப்போ சங்கத்துக்குச் சொல்ல வேண்டியது. பாலைத் திருப்பி அனுப்பவே கூடாது. அனலைசர் சர்வரை நம்பி ஓடுறதில்ல, அது பாட்டுக்கு அளக்கும். நோட்டுல உறுப்பினர் நம்பர், லிட்டர், ஃபேட், எஸ்என்எஃப் நாலையும் எழுதுங்க. விலையை மட்டும் எழுத வேண்டாம், பழைய சார்ட்டை மனசுல வெச்சு எழுதினா நாளைக்குப் பில்லுல சண்டை வரும். அளந்த பால் உடனே கூலருக்குள்ள போகணும், சீட்டுக்காகக் கேன் வெயில்ல காத்திருக்கக் கூடாது.

அடுத்த நிலவரம் 6:07-க்கு.

6:07

இன்னும் சரியாகல. நெட்வொர்க்குன்னு முதல்ல சந்தேகப்பட்டோம், அது இல்ல. வேலந்தாவளத்துல ஃபைபர்ல ஓடுற சங்கமும் கோவிந்தாபுரத்துல சிம்ல ஓடுற சங்கமும் ஒரே நேரத்துல நின்னிருக்கு. ரெண்டுக்கும் பொதுவா இருக்கறது நம்ம சர்வர்தான். டவர் கம்பெனிக்கு போன் போட்டுட்டு இருக்கறவங்க விட்டுடுங்க.

டேட்டாபேஸ் பக்கம் பார்க்குறோம். 200 கனெக்‌ஷனும் நிரம்பி நிக்குது, ஆனா சிபியு சும்மாதான் இருக்கு. வேலை அதிகமாகி நிக்கல, எதுக்கோ காத்துட்டு நிக்குது.

ஷிஃப்ட் திறந்த அந்த 61 சங்கத்துக்கு ஒண்ணு: மிஷினை ஆஃப் பண்ணாதீங்க. சீட்டு மெமரியில பத்திரமா இருக்கும், அழியாது. ஆனா ஷிஃப்ட் மூடிடும், மறுபடி திறக்க சார்ட் கேட்கும், அப்புறம் நீங்களும் வரிசையில நிக்கணும். சிங்க் பட்டனை அழுத்திட்டே இருக்கறதும் வேண்டாம். ஒவ்வொரு அழுத்தும் ஒரு கனெக்‌ஷனைப் பிடிச்சுட்டு உட்காரும்.

சப்போர்ட் ஆளுங்க மலையாளத்துலயும் இதையே சொல்லுங்க. கொழிஞ்சாம்பாறை பக்கம் "மிஷின் கேடு"ன்னு பரவிட்டிருக்காம். மிஷின் கெடல.

அடுத்தது 6:22.

6:22

காரணம் கிடைச்சிடுச்சு. டேட்டாபேஸ் டீம் ஓட்டிப் பார்த்தது இது, சாட்டிலயும் இருக்கு:

```
SELECT pid, state, xact_start,
       pg_blocking_pids(pid), left(query, 60)
FROM pg_stat_activity
ORDER BY xact_start;
```

வந்த பதில் இதுதான். ராத்திரி 3:10-க்கு பத்து நாள் பில் ஜாப் ஒரு டிரான்சாக்‌ஷன் திறந்து `rate_chart` டேபிளைப் படிச்சிருக்கு. படிச்சுட்டு மூடாம `idle in transaction`-ல நிக்குது, அது pid 18422. 5:31-க்கு நம்ம புது ரிலீஸ் அதே டேபிளுக்கு ஒரு புது நெடுவரிசை சேர்க்க `ALTER TABLE` போட்டிருக்கு, அது 20917. ஆல்டருக்கு டேபிள் முழுசா தன் கையில வேணும், பில் ஜாப் விடல, அதனால காத்து நிக்குது. அதுக்குப் பின்னாடி வந்த எல்லா வாசிப்பும் ஆல்டருக்குப் பின்னாடி வரிசை கட்டிடுச்சு. செக்போஸ்ட்ல ஒரு லாரி குறுக்க நின்னா பைக்கும் போக முடியாது, அதே கதை.

பில் ஜாப்பை இப்போ தொடப் போறதில்ல. பேங்குக்கு ஃபைல் போயிருச்சான்னு கணக்குப் பிரிவு பார்த்துச் சொல்லணும், பாதியில வெட்டி ரெண்டு தரம் பணம் போச்சுன்னா அது இதைவிடப் பெரிய தலைவலி. ஆல்டரை மட்டும் எடுக்குறோம். அது இன்னும் எதையும் மாத்தல, எடுத்தா நஷ்டமில்ல.

```
SELECT pg_cancel_backend(20917);
```

ஓட்ட ஒப்புதல் கொடுத்துட்டேன். அடுத்தது 6:30.

6:30

6:26-க்கு ஆல்டர் போச்சு. வரிசை கரைஞ்சிடுச்சு. இதுவரை 44 சங்கம் திறந்திருக்கு. "சரியாயிடுச்சு"ன்னு யாரும் இப்பவே வெளியில சொல்ல வேண்டாம், 15 நிமிஷம் பார்த்துட்டு நானே சொல்றேன்.

6:38

மறுபடி நின்னுடுச்சு, 6:36-க்கு. ரிலீஸ் டூல் தோத்தா பத்து நிமிஷம் கழிச்சுத் தானா திரும்ப முயற்சி பண்ணும். அதை நிறுத்தாம ஆல்டரை மட்டும் எடுக்கச் சொன்னது என் தப்பு. டூலை இப்போ நிறுத்துறாங்க. அது முடிஞ்ச பிறகுதான் புது ஆல்டரை எடுப்போம். திறந்த 44-க்கும் சார்ட் கையில இருக்கு, அவங்க அளந்துட்டே இருக்கலாம். மீதி 83 சங்கம் நோட்டுலயே போங்க.

6:52

நல்ல நிலவரம். ரிலீஸ் டூல் நின்னாச்சு, ரெண்டாவது ஆல்டர் 6:41-க்கு எடுத்தாச்சு. பேங்க் ஃபைல் போகலன்னு கணக்குப் பிரிவு எழுத்துல உறுதி கொடுத்தாங்க, அதுக்கப்புறம் 6:49-க்கு பில் ஜாப்பையும் நிறுத்தினோம். அது பாதியில செஞ்சதெல்லாம் ரத்தாயிடுச்சு, இன்னிக்கு ராத்திரி முதல்ல இருந்து ஓடும். 11 நிமிஷமா வாசிப்பு சுத்தமா ஓடுது.

இனிமேதான் கவனம். 83 சங்கமும் திறக்கும், கூடவே ஏற்கெனவே திறந்த 105 சங்கத்து மிஷின்ல நிக்குற சீட்டும் ஒண்ணா மேல ஏறும். எல்லாரும் ஒரே நேரத்துல வந்தா 200 கனெக்‌ஷன் மறுபடி நிரம்பிடும். அதனால ரூட் ரூட்டாப் போவோம். மீனாட்சிபுரம் ரூட் 6:55, கோவிந்தாபுரம் 7:02, கோபாலபுரம் 7:09, வேலந்தாவளம் 7:16, கடைசியா கொழிஞ்சாம்பாறை 7:23. உங்க முறை வரும்போது ஃபீல்டு சூப்பர்வைசர் போன் பண்ணுவாங்க. அதுக்கு முன்னாடி தொட வேண்டாம்.

டேங்கர் டிரைவருங்க காத்திருக்க வேண்டியதில்ல. கூலர்ல டிப் அளவும் டெம்பரேச்சரும் எழுதி வாங்கிட்டுக் கிளம்புங்க. 4 டிகிரிக்கு வராத கூலர் இருந்தா மட்டும் எனக்குச் சொல்லுங்க.

7:31

188-ம் திறந்திருக்கு. கனெக்‌ஷன் அதிகபட்சமா 118 வரைக்கும் போச்சு, இப்போ 40-க்குப் பக்கம்.

சில உறுப்பினருக்கு ஒரே பாலுக்கு ரெண்டு எஸ்எம்எஸ் போயிருக்கு. பணம் ரெண்டு தரம் ஏறாது: சங்க நம்பர், ஷிஃப்ட், சீட்டு நம்பர் மூணும் ஒத்துப் போனா சர்வர் ரெண்டாவதைத் தள்ளிடும். எஸ்எம்எஸ் மட்டும் தனி வரிசையில ஓடுது, அதான் இப்படி. கேட்டா இதையே சொல்லுங்க.

நோட்டுல எழுதினதை 10 மணிக்குள்ள மேனுவல் என்ட்ரியில ஏத்துங்க. ஏத்தறவர் ஒருத்தர், நோட்டு பார்த்து வாசிக்கறவர் ஒருத்தர். ஃபேட்டும் எஸ்என்எஃப்பும் இடம் மாறி ஏறுறதுதான் வழக்கமா நடக்குற தப்பு. நோட்டைக் கிழிச்சுடாதீங்க, அடுத்த பில் வர்ற வரைக்கும் இருக்கட்டும்.

7:58

27 நிமிஷமா எந்தப் பிழையும் இல்ல. கோளாறு முடிஞ்சதா இப்போ அறிவிக்கிறேன். 5:34-ல இருந்து 6:41 வரை, நடுவுல பத்து நிமிஷம் ஓடினது.

சாயங்கால ஷிஃப்ட் 3 மணிக்குத் திறக்கும். அதுக்குள்ள ரெண்டு வேலை முடிஞ்சிருக்கணும்: ரிலீஸ் ஸ்கிரிப்டுல `SET lock_timeout = '3s'`, பில் ஜாப்புக்கு `idle_in_transaction_session_timeout`. அதுவரை அந்த ஆல்டர் போகாது, இனிமே கொள்முதல் நேரத்துல எந்த ரிலீஸும் போகாது. டேட்டாபேஸ்ல இருந்து ஒருத்தர், சப்போர்ட்ல இருந்து ரெண்டு பேர் 10 மணி வரைக்கும் அழைப்பிலயே இருங்க, மத்தவங்க கிளம்பலாமுங்க. நான் 2:30-க்கு இதே லிங்க்ல வந்துடுவேன்.