கோயம்புத்தூர் ட்ரான்ஸ்ஃபர் விஷயமா

கார்த்தி, நீங்க கோயம்புத்தூர் யூனிட்டுக்கு கேட்டிருந்த ட்ரான்ஸ்ஃபர் பத்திதான் எழுதறேன். சுத்தி வளைக்காம முதல்லயே சொல்லிடறேன், இப்போதைக்கு அப்ரூவ் பண்ண முடியல. இது என் முடிவுதான், எச்ஆர் மேலயோ பிளான்ட் ஹெட் மேலயோ பழிய போட்டுட்டு நழுவப் போறதில்ல.

ஸ்டியரிங் நக்கிள் புது பார்ட்டுக்கு மார்ச்ல பிபிஏபி சப்மிஷன் இருக்கு. டைமென்ஷனல் ரிப்போர்ட், எம்எஸ்ஏ, கேப்பபிலிட்டி ஸ்டடி எல்லாமே சிஎம்எம் ரூம் வழியாத்தான் வரணும், அங்க ப்ரோக்ராம் எழுதற ஆளு நீங்க ஒருத்தர்தான். நைட் ஷிஃப்ட் தம்பி நீங்க எழுதி வச்சத ஓட்டுவான், ஆனா ட்ராயிங் ரிவிஷன்ல டேட்டம் மாறிச்சுன்னா அலைன்மென்ட்ல இருந்து திரும்ப எழுத அவனுக்கு இன்னும் கை வரல. போன தடவ போர் பொசிஷன் அவுட்னு லைன் நின்னப்ப எல்லாரும் மெஷினிங்க திட்டிட்டு இருந்தோம், ஃபிக்ஸ்சர்ல பர் உக்காந்து பார்ட்ட தூக்கிட்டு நிக்குதுன்னு நீங்கதான் பிடிச்சீங்க, இல்லன்னா நல்ல லாட்ட ஸ்க்ராப்ல தள்ளியிருப்போம். பிபிஏபி முடிஞ்ச கையோட ஐஏடிஎஃப் 16949 சர்வைலன்ஸ் ஆடிட் வேற. வெளிய இருந்து ஆள் எடுக்கலாம்னா, சாஃப்ட்வேர் தெரிஞ்ச ஆள் கிடைச்சு, அவர் நோட்டீஸ் பீரியட் முடிச்சு வந்து, நம்ம பார்ட்டுக்கெல்லாம் பழகறதுக்குள்ள ஆடிட்டே முடிஞ்சிடும்.

இன்னொண்ணு, அங்க காலியா இருக்கறது இன்கமிங் இன்ஸ்பெக்ஷன். சிஎம்எம்மே கிடையாது, ஹைட் கேஜ், ப்ளக் கேஜ்தான், கிரேடும் ஒண்ணு கம்மி. வீட்டுக்காக அதுக்கும் ரெடின்னு எழுதியிருந்தீங்க, அதப் படிச்சுட்டு நோ சொல்றது எனக்கும் லேசா இல்ல.

அப்பாவோட முட்டி ஆபரேஷனுக்கு கேட்ட பத்து நாள் லீவு அப்ரூவ் பண்ணியாச்சு, மார்ச் வேலைக்கு அது இடிக்காது, நாங்க பாத்துக்கறோம். அதுக்கப்புறம் ஜெனரல் ஷிஃப்ட் மட்டும் பாருங்க, ரெண்டாவது நாலாவது சனிக்கிழமை வர வேணாம், வெள்ளிக்கிழமை ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸ் பிடிச்சா காலைல வீட்ல இருக்கலாம். ட்ரெயினி ஒருத்தர இந்த வாரமே சிஎம்எம் ரூம்ல போடறேன், ப்ரோக்ராமிங் அவங்களுக்கு பழக்கி விடுங்க. ஆடிட் முடிஞ்சு ஜூன்ல ரிக்வெஸ்ட திரும்ப போடுங்க, அப்ப என் பக்கத்துல இருந்து தடை இருக்காது, எழுத்துலயே தரேன். அங்க அப்போ வேகன்சி இருக்கும்னு மட்டும் என்னால கேரண்டி தர முடியாது, அது அந்த யூனிட் கையில இருக்கு. ட்ரான்ஸ்ஃபர் கேட்டதால அப்ரைசல்ல ஏதாவது ஆகுமோன்னு யோசிக்காதீங்க, அப்படி எதுவும் இல்ல.

வியாழக்கிழமை ஷிஃப்ட் முடிஞ்சதும் என் கேபினுக்கு வாங்க, கோவமா இருந்தாலும் பரவால்ல, பேசுவோம். ட்ரெயினிக்கு யார போடலாம்னு ரெண்டு பேரு யோசிச்சுட்டு வாங்க, உங்க சாய்ஸ்தான்.