ஆ… அம்! மணிமேகலையின் கிண்ணம்

வாசித்துக் காட்டுபவருக்கு:
சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை 30 காதைகள் ஓடும். இரண்டு வயதுக் குழந்தை இரண்டு நிமிடம் மடியில் உட்கார்ந்தாலே பெரிய விஷயம். அதனால் இளவரசன், சாபம், முற்பிறவி, சமய வாதம் எல்லாவற்றையும் பெரிய புத்தகத்துக்கே விட்டுவிட்டு, கிண்ணத்தை மட்டும் எடுத்து வந்திருக்கிறேன். மணிமேகலை இங்கே மணி. தீவதிலகை, திலகை அக்கா. காயசண்டிகை, காயா அக்கா. அமுதசுரபியைச் சுருக்க மட்டும் மனம் வரவில்லை. கைதட்டிக்கொண்டே சொல்லுங்கள், நாலைந்து நாளில் குழந்தையே முந்திக்கொள்ளும். இது சோறு ஊட்டும் நேரத்துக் கதை. 'ஆ… அம்!' வரும் இடத்தில் எல்லாம் ஒரு வாய்.

*

கடல் ஓரம் ஓர் ஊர்.
ஊர் பேரு புகார்.

அலை வரும். ஸ்ஸ்ஸ்ஸ்…
அலை போகும். ஸ்ஸ்ஸ்ஸ்…

அந்த ஊரில் ஒரு மணி.
கோயில் மணியா? இல்லை.
மாட்டு மணியா? இல்லை.
மணி ஒரு அக்கா!

*

ராத்திரி ஆச்சு.
மணி தூங்கினாள்.
கொர்ர்ர்… கொர்ர்ர்…

கடல் அம்மா வந்தாள்.
ஷ்ஷ்ஷ்!
மெல்ல வந்தாள்.
ஷ்ஷ்ஷ்!
மணியைத் தூக்கினாள்.
விர்ர்ர்ர்ர்!

மேகத்துக்கு மேலே… விர்ர்ர்ர்ர்!
நிலாவுக்குக் கீழே… விர்ர்ர்ர்ர்!
தீவு வந்தாச்சு.
மணல் மேலே… பொத்!

*

மணி முழித்தாள்.
வீடு எங்கே? காணோம்.
தெரு எங்கே? காணோம்.
மணல் இருக்கு.
அலை இருக்கு. ஸ்ஸ்ஸ்ஸ்…

"யாராவது இருக்கீங்களா?"
"இருக்கேனே!"

யாரு அது?
திலகை அக்கா!

"வா மணி, வா.
குளத்துக்குப் போகலாம் வா."

*

குளத்துக்கு மாட்டு முகம்.
ம்மா…
குளத்துக்குப் பேரு கோமுகி.
ம்மா…

வைகாசி மாசம்.
வானத்தில் நிலா.
வட்ட வட்ட நிலா.

குளத்துக்குள்ளே என்னமோ அசையுது!

களக்.
களக் களக்.
களக் களக் களக்.

மீனா? இல்லை.
தவளையா? இல்லை.
தாமரையா? இல்லை.

புளுக்!

கிண்ணம்!

*

மிதந்து மிதந்து வந்தது.
மணி கைக்கு வந்தது.

கிண்ணத்துக்குப் பேரு என்ன?
அ! மு! த! சு! ர! பி!
தட்டு தட்டு கை தட்டு.
அ! மு! த! சு! ர! பி!

மணி எட்டிப் பார்த்தாள்.
ஒண்ணும் இல்லை.
கவிழ்த்துப் பார்த்தாள்.
ஒண்ணும் இல்லை.
தட்டிப் பார்த்தாள்.
டிங்!

"காலியா இருக்கே, அக்கா?"

"நல்ல கை ஒண்ணு
முதல் பிடி போடணும்.
அப்புறம் பாரு!

அள்ள அள்ளக் குறையாது.
கொடுக்கக் கொடுக்கத் தீராது."

*

மணி கிளம்பினாள்.
கிண்ணமும் கிளம்பியது.
கடலுக்கு மேலே… விர்ர்ர்ர்ர்!
புகார் வந்தாச்சு… பொத்!

*

குர்ர்ர்ர்ர்ர்!

என்ன சத்தம்?
இடியா? இல்லை.
புலியா? இல்லை.

குர்ர்ர்ர்ர்ர்!

காயா அக்கா வயிறு!

"பசிக்குது மணி, பசிக்குது!
யானைப் பசி பசிக்குது!

ஒரு பானை சோறு தின்னேன்.
போதலை!
பத்துப் பானை சோறு தின்னேன்.
போதலை!
மலை மாதிரிச் சோறு தின்னேன்.
போதலையே போதலை!"

குர்ர்ர்ர்ர்ர்!

"என் கிண்ணம் காலி, அக்கா.
நல்ல கை எங்கே இருக்கு?"

"ஆதிரை அக்கா வீட்டில் இருக்கு.
ஓடு மணி, ஓடு!"

*

டக் டக் டக்.
கதவு திறந்தது.
ஆதிரை அக்கா வந்தாள்.

சோறு எடுத்தாள்.
கை நிறைய எடுத்தாள்.
கிண்ணத்தில் போட்டாள்.
பொத்!

"ஊருப் பசி, ஓடிப் போ!
உலகப் பசி, ஓடிப் போ!"

டிங்!
கிண்ணம் ஆடுது.
டிங் டிங்!
கிண்ணம் குலுங்குது.
டிங் டிங் டிங்!

சோறு பொங்குது! பொங்குது! பொங்குது!

*

முதல் வாய் யாருக்கு?
காயா அக்காவுக்கு!

ஆ…
அம்!

குர்ர்ர்…
குர்ர்…
கு…

சத்தத்தைக் காணோம்.
யானைப் பசியைக் காணோம்.

ஏவ்வ்வ்!

"ஒரே ஒரு பிடி, மணி!
போதும் போதும்!"

*

கிண்ணம் காலியா?
எட்டிப் பாரு.
இல்லையே!

அள்ள அள்ளக் குறையாது.
கொடுக்கக் கொடுக்கத் தீராது.

*

தாத்தா வந்தார்.
தடி ஊன்றி வந்தார்.
டொக்… டொக்… டொக்…
ஆ… அம்!

பாட்டி வந்தாள்.
பல்லு இல்லாப் பாட்டி.
மொச்… மொச்… மொச்…
ஆ… அம்!

குட்டிப் பையன் வந்தான்.
குடுகுடுன்னு வந்தான்.
குடு குடு குடு குடு!
ஆ… அம்!

காக்கா வந்தது.
கா! கா! கா!
ஆ… அம்!

நாய்க்குட்டி வந்தது.
லொள்! லொள்! லொள்!
ஆ… அம்!

கிண்ணம் காலியா?
எட்டிப் பாரு.
இல்லையே!

அள்ள அள்ளக் குறையாது.
கொடுக்கக் கொடுக்கத் தீராது.

*

ஊரில் ஒரு பெரிய வீடு.
பெரிய பெரிய சுவரு.
பெரிய பெரிய பூட்டு.
உள்ளே ஆளுங்க.
குர்ர்ர்… குர்ர்ர்… குர்ர்ர்…

மணி உள்ளே போனாள்.
எல்லாருக்கும் ஒரு பிடி.
ஆ… அம்!
ஆ… அம்!
ஆ… அம்!

ராஜா கேட்டார்:
"உனக்கு என்ன வேணும், மணி?
பொன் வேணுமா?"
வேண்டாம்.
"பட்டு வேணுமா?"
வேண்டாம்.
"பூட்டைத் திறங்க, ராஜா.
இதைச் சோத்து வீடு ஆக்குங்க!"

ராஜா தலையை ஆட்டினார்.
பூட்டு… டக்!
கதவு…

கிரீ…
ஈ…
ஈ…
ஈ…
ச்!

*

உள்ளே இருந்தவங்க வெளியே வந்தாங்க.
வெளியே இருந்தவங்க உள்ளே வந்தாங்க.
தாத்தா வந்தார். டொக் டொக்!
பாட்டி வந்தாள். மொச் மொச்!
பையன் வந்தான். குடு குடு!
காக்கா வந்தது. கா கா!
நாய்க்குட்டி வந்தது. லொள் லொள்!
காயா அக்கா பந்தி போட்டாள்.

அ! மு! த! சு! ர! பி!
தட்டு தட்டு கை தட்டு.
அ! மு! த! சு! ர! பி!

எல்லாரும் சேர்ந்து…

ஆ…
அம்!

ஏவ்வ்வ்!

*

கிண்ணத்தில் இன்னும் இருக்கா?
எட்டிப் பாரு.
இருக்கு!

யாருக்கு அது?
காக்காவுக்கா? இல்லை. அது தின்னாச்சு.
தாத்தாவுக்கா? இல்லை. அவர் தூங்கியாச்சு. கொர்ர்ர்…

இந்தக் குட்டி வாய்க்கு!

ஆ…