முதல் வேலைக்கு எந்தச் சான்றிதழ் கைகொடுத்தது? வெல்டிங் ஆய்வு, என்.டி.டி. துறையில் இருக்கும் சீனியர்களுக்கு

அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் வணக்கம்.

நான் ரேவதி, இயந்திரவியல், 2024இல் முடித்தவள். வீடு திருவெறும்பூர். இந்தக் குழுவில் பிறந்தநாள் வாழ்த்துக்குக் கை கூப்பிய படம் போட்டதைத் தவிர இதுவரை நான் எதுவும் எழுதியதில்லை. அதற்கும் சேர்த்து இன்று நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நேரமில்லாதவர்கள் இந்தப் பத்தியை மட்டும் படித்தால் போதும்: வெல்டிங் ஆய்விலோ, என்.டி.டி.யிலோ, தரக் கட்டுப்பாட்டிலோ உங்களுக்கு முதல் வேலை கிடைத்த அன்று கையில் எந்தச் சான்றிதழ் இருந்தது? அதை நேர்காணலில் யாராவது உண்மையிலேயே புரட்டிப் பார்த்தார்களா?

எது உயர்ந்த சான்றிதழ் என்று நான் கேட்கவில்லை. அதை யாரைக் கேட்டாலும் சொல்கிறார்கள்: சிஸ்விப் 3.1, சி.டபிள்யூ.ஐ., ஏ.பி.ஐ. 510, 570, 653. எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் அவை ஏற்கெனவே களத்தில் இருப்பவர்களுக்கானவை. தேர்வுக்கு உட்காரவே வருடக்கணக்கில் அனுபவம் காட்ட வேண்டும். மாடிக்குப் போனபின் எந்த அறை நன்றாக இருக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு முதல் படி எது என்று தெரிய வேண்டும்.

என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். எட்டு மாதமாகத் துவாக்குடியில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பயிற்சியாளர். மாதம் 11,000 ரூபாய். தகட்டை வெட்டுவதற்கு முன் ஹீட் நம்பரை மீதித் துண்டுக்கும் மாற்றிக் குத்தியிருக்கிறார்களா என்று பார்ப்பது, ஃபிட்-அப் அறிக்கை எழுதுவது, எந்த ஜாயின்ட்டை எந்த வெல்டர் அடித்தார் என்று வெல்டு மேப்பில் குறிப்பது. வெளி ஆய்வாளர் வரும் நாளில் அவர் பின்னால் டார்ச்சும் கேஜும் எடுத்துக்கொண்டு நடப்பது. வேலையைக் குறை சொல்லவில்லை, நிறையவே கற்றுக்கொண்டேன். ஆனால் அறிக்கையில் "ஆய்வு செய்தவர்" என்ற கட்டத்தில் என் பெயர் வராது. "தயாரித்தவர்" கட்டத்தில்தான் வரும். வேறு கம்பெனிக்கு விண்ணப்பித்தால் முதல் கேள்வியே "லெவல் டூ இருக்கிறதா?" என்பதுதான். இல்லை என்றதும் போனை வைத்துவிடுகிறார்கள்.

சென்ற மாதம் ஒரு நாசில் வெல்டில் பெனட்ரன்ட் சோதனை செய்யும் வாய்ப்பு தற்செயலாகக் கிடைத்தது. எங்கள் லெவல் டூ அண்ணன் பக்கத்தில் நின்றார். சுத்தம் செய்து, சிவப்புச் சாயத்தை அடித்து, பத்து நிமிடம் காத்திருந்தோம். பிறகு நான் கிளீனர் டப்பாவை நேராக வெல்டின் மேல் நீட்டியதும் கையைத் தட்டிவிட்டார். நேராக அடித்தால் விரிசலுக்குள் போன சாயமும் கழுவிக்கொண்டு வந்துவிடும், துணியில் நனைத்துத்தான் துடைக்க வேண்டும் என்றார். துடைத்து, வெள்ளை டெவலப்பரை மெல்லியதாக அடித்தோம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் வெல்டு முடிகிற இடத்தில் நகக்கீறல் அளவுக்கு ஒரு சிவப்புக் கோடு எழும்பி வந்தது. வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். அவர் 26 வருட வெல்டர். பார்க்காமலே சொன்னார்: "முடிக்கும்போது பள்ளத்தை நிரப்பாமல் சட்டென்று ராடை எடுத்திருப்பான்." மறுநாள் அந்த வெல்டரும் அதையேதான் ஒப்புக்கொண்டார். இந்த வேலைதான் எனக்கு வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

இனி சிக்கலுக்கு வருகிறேன். திருச்சியில் ஒரு பயிற்சி மையத்துக்குப் போயிருந்தேன் (பெயர் வேண்டாம்). பெனட்ரன்ட், மேக்னடிக், அல்ட்ராசோனிக், ரேடியோகிராபி, நான்கிலும் லெவல் டூ. பத்தே நாள், 38,000 ரூபாய். "வளைகுடாவில் செல்லும்" என்று மேசையிலிருந்த அம்மா மூன்று முறை சொன்னார். எனக்கும் ஆசை வந்துவிட்டது என்பதை மறைக்கவில்லை. முன்பணம் கட்டாமல் வந்ததற்குக் காரணம், அன்று ஏ.டி.எம். கார்டை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனதுதான்.

மறுநாள் லெவல் டூ அண்ணன் எஸ்.என்.டி.-டி.சி.-1ஏ ஆவணத்தைத் திறந்து பயிற்சி நேர அட்டவணையைக் காட்டினார். லெவல் ஒன்று, இரண்டு இரண்டுக்கும் சேர்த்து பெனட்ரன்ட்டுக்கு 12 மணி, மேக்னடிக்குக்கு 20, அல்ட்ராசோனிக்குக்கு 80, ரேடியோகிராபிக்கு 80. கூட்டினால் 192 மணி நேரம். பத்து நாளில் நாளுக்கு எட்டு மணி உட்கார்ந்தாலும் 80தான் வருகிறது. மீதி 112 மணி நேரம் எங்கே போனது என்று அந்த அம்மாவிடம் நான் இன்னும் கேட்கவில்லை. இது பயிற்சிக் கணக்கு மட்டும்தான். அனுபவ நேரம் தனி. அல்ட்ராசோனிக் லெவல் டூவுக்கு அந்த அட்டவணை 630 மணி நேரம் கேட்கிறது.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றை அவர் சொன்னபோது எனக்குத் தலை சுற்றியது. அந்த முறையில் சான்றிதழ் கொடுக்க வேண்டியவர் முதலாளி. கம்பெனி தன் எழுத்து நடைமுறையை வகுத்து, லெவல் த்ரீ ஒருவரின் மேற்பார்வையில் பொது, சிறப்பு, செய்முறை என்று மூன்று தேர்வும் கண் பரிசோதனையும் வைத்துச் சான்றளிக்க வேண்டும். அந்த வேலையை விட்டால் சான்றும் அதோடு முடிகிறது. அப்படியென்றால் வேலையே இல்லாத ஒருவருக்குப் பயிற்சி மையம் கொடுக்கும் "லெவல் டூ" என்ன? பயிற்சி பெற்றதற்கும் தேர்வு எழுதியதற்கும் ஓர் அத்தாட்சி. அதற்கு மேல் இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் விளம்பரங்களில் அதைத்தானே கேட்கிறார்கள்! வேலை இருந்தால்தான் சான்றிதழ், சான்றிதழ் இருந்தால்தான் வேலை. இந்த வட்டத்துக்குள் நீங்கள் எந்த இடத்தில் நுழைந்தீர்கள் என்பதுதான் நான் உங்களிடம் கேட்க வந்தது.

ரேடியோகிராபியை நான் ஏறக்குறைய விட்டுவிட்டேன். கதிர்வீச்சு மூலத்தைக் கையாள அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஏற்கும் பயிற்சி தனியாக வேண்டும். பத்து நாள் காகிதத்தை வைத்துக்கொண்டு இரிடியம் இருக்கும் கேமராவைத் தொட முடியாது. போதாததற்கு, ஒரு கம்பெனியில் போனில் பேசியவர், "எக்ஸ்ரே இரவில்தான் எடுப்போம், பெண்களை அனுப்ப மாட்டோம்" என்று நான் கேட்காமலே சொல்லிவிட்டார். அக்காக்களிடம் ஒரு கேள்வி: உங்களில் யாராவது ஃபிலிம் படித்துத் தீர்ப்பு சொல்லும் வேலை வழியாக உள்ளே போனீர்களா? அல்லது அல்ட்ராசோனிக் வழியாகவா? எனக்கு அல்ட்ராசோனிக் மேல்தான் கண். திரையில் எழும் ஒரு முனையைப் பார்த்து, அது குறையா, வெல்டின் அடிப்பக்க வடிவம் அனுப்பும் எதிரொலியா என்று கணக்குப் போடுவது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆட்களை வெளியேற்றிக் கயிறு கட்ட வேண்டிய அவசியமும் இல்லை, அதனால் பகலிலேயே நடக்கிறது.

இப்போது என் முன்னால் இருக்கும் வழிகள் இவை. முதலாவது, அந்த மையத்தின் பத்து நாள் தொகுப்பு. இரண்டாவது, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய என்.டி.டி. சங்கம் ஐ.எஸ். 13805 தரத்தின்படி நடத்தும் சான்றிதழ். இல்லையென்றால் இங்கே பெல் வளாகத்திலேயே இருக்கும் வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனத்தின் படிப்பு. இவற்றில் அல்ட்ராசோனிக் ஒன்றை மட்டும் எடுத்து ஒழுங்காகப் படிக்கலாம் என்று நினைக்கிறேன். மூன்றாவது, எதற்கும் பணம் கட்டாமல், இருக்கும் பட்டறையிலேயே பொறுமையாக அனுபவ நேரத்தைக் கையெழுத்தோடு பதிவு செய்துகொண்டு, அவர்களே சான்றளிக்கும்வரை காத்திருப்பது. அப்பா மூன்றாவது கட்சி. "காகிதம் வெல்டைப் பார்க்காது" என்கிறார். அவருக்கு 6ஜி நிலையில் குழாய் அடித்துக் காட்டியதும் வேலை கிடைத்தது. சாய்ந்து நிற்கும் குழாயைச் சுற்றி வந்து ரூட் போட்டால் கைத்திறன் அங்கேயே தெரிந்துவிடுகிறது. ஆய்வாளர் வேலைக்கு அப்படி ஒரு சோதனைத் துண்டு கிடையாதே என்று சொன்னால் சிரிக்கிறார்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அதை மறைத்துக் கேட்டால் பதிலும் அரைகுறையாகத்தான் வரும். அப்பா தன் சேமிப்பிலிருந்து 60,000 தருவதாகச் சொல்லியிருக்கிறார். தம்பி பன்னிரண்டாம் வகுப்பு. ஆகவே இந்தத் தொகை ஒரு முறைதான். தவறான இடத்தில் கட்டிவிட்டு, இரண்டு வருடம் கழித்து இன்னொன்றுக்குப் போய் நிற்க முடியாது.

நீங்கள் பதில் எழுதும்போது இவற்றைத் தொட்டுச் சென்றால் பெரிய உதவி: எந்த வருடம் வேலையில் சேர்ந்தீர்கள், எந்த ஊர், அப்போது எந்த முறையில் எந்த லெவல், அதை யார் கொடுத்தது, உங்கள் பணமா கம்பெனிப் பணமா. செய்முறைத் தேர்வு வைத்தார்களா, அல்லது காகிதத்தை நகலெடுத்துக்கொண்டு அனுப்பிவிட்டார்களா. வளைகுடாவுக்குப் போனவர்கள், உங்கள் இந்தியச் சான்றிதழை அங்கே ஏற்றுக்கொண்டார்களா, மறுபடி தேர்வு எழுத வைத்தார்களா என்பதையும் சொல்லுங்கள். இப்போது நேர்காணல் எடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் யாராவது இருந்தால், புதிதாக வருபவரின் காகிதத்தில் முதலில் எங்கே உங்கள் கண் போகிறது?

சான்றிதழ் ஒன்றும் உதவவில்லை, மாமா ஒருவர் சொல்லித்தான் சேர்ந்தேன் என்றால் அதையும் தயங்காமல் எழுதுங்கள். வாங்கியதில் வீணாய்ப்போன காகிதம் எது என்று தெரிந்தாலும் எனக்கு லாபம்தான். குழுவில் எழுதச் சங்கடமாக இருந்தால் தனிச் செய்தியாக அனுப்பலாம். ஏஜெண்டு விளம்பரங்களை மட்டும் தயவுசெய்து முன்னனுப்ப வேண்டாம், ஏற்கெனவே ஒரு கட்டு சேர்த்து வைத்திருக்கிறேன்.

அந்த மையத்தில் அடுத்த வகுப்புக்கு இந்த மாதம் 20ஆம் தேதிக்குள் பணம் கட்ட வேண்டும். அதற்குள் பத்துப் பேராவது சொன்னால் போதும். வருகிற பதில்களைப் பெயர் நீக்கி ஒரே தாளில் தொகுத்து இங்கேயே போடுகிறேன். 2025, 2026 பிள்ளைகளும் இதே கேள்வியோடு வருவார்கள்.

இன்னொன்று. யாரிடமாவது ஏ.எஸ்.எம்.இ. ஐந்தாம் பிரிவின் பழைய பிரதி சும்மா இருந்தால் ஒரு மாதத்துக்குக் கொடுங்கள். துவாக்குடி, காட்டூர், கைலாசபுரம் பக்கம் என்றால் ஞாயிற்றுக்கிழமை நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். அட்டை போட்டுத் திருப்பித் தருவேன்.

ரேவதி
இயந்திரவியல், 2020–24