மழைநீர்க் குளமும் கழிவுநீர் வாய்க்காலும்: டைரக்டர் முடிவுக்கான சுருக்கம்

பெறுநர்: டைரக்டர் அம்மா, கோவை அலுவலகம்
அனுப்புநர்: உற்பத்தி மேலாளர், கொழிஞ்சாம்பாறை ஆலை
தேதி: 6 ஜனவரி 2025

என்ன முடிவு வேண்டும்

ஜனவரி 20க்குள் ₹26 லட்சத்துக்கு ஒப்புதல் வேண்டும். ₹22 லட்சம் 15 லட்சம் லிட்டர் மழைநீர்க் குளத்துக்கு, ₹4 லட்சம் கழுவுநீர் வாய்க்காலுக்குத் தார்ப்பாய் விரிப்புப் போட. இப்போதைக்கு ₹8 லட்சம் முன்பணம் போதும். மீதி மார்ச், மே மாதங்களில்.

ஏன்

போன வருடம் நெதர்லாந்துக்கு அனுப்பிய குறைந்த இ.சி. காயர் பித், அதாவது உப்பளவு குறைந்த தென்னைநார்த் துகள், 24 கன்டெய்னர். அதில் 9 கன்டெய்னர் 0.5 அளவைத் தாண்டிவிட்டதால் சாதாரண சரக்கின் விலையே கிடைத்தது. கன்டெய்னருக்கு ₹1.6 லட்சம் வீதம் ₹14.4 லட்சம் நட்டம்.

கழுவும் ஆட்கள் மேல் குறை சொல்லும் பேச்சு ஆலையில் இருக்கிறது. அது தவறு. அந்த ஒன்பது கன்டெய்னர் சரக்கை மூன்று தடவை கழுவினாலும் ஐந்து தடவை கழுவினாலும் பித் 0.8க்குக் கீழே இறங்கவில்லை, ஏனென்றால் நம் போர்வெல் தண்ணீரின் இ.சி.யே 1.3. கால்சியம் நைட்ரேட்டில் ஊறவைத்து சோடியத்தையும் பொட்டாசியத்தையும் வெளியே தள்ளுகிறோம். அப்புறம் அதே உப்புத் தண்ணீரை ஊற்றி அலசினால் உப்பு மறுபடி பித்தில்தான் தங்கும். ஜூலையில் கோடவுன் கூரையிலிருந்து பிடித்த மழைநீரால் கடைசி அலசலை மட்டும் செய்து பார்த்தோம்: 0.4 வந்தது. ஆட்களும் முறையும் அதேதான், தண்ணீர் மட்டும்தான் வேறு. (அறிக்கை பக்கம் 11 முதல் 14 வரை.)

குளம் போதுமா

கோடவுன் கூரை 43,000 சதுர அடி. நம் மழைமானிப் பதிவில் ஐந்து வருடத்தில் மிகக் குறைந்த மழை 800 மி.மீ. அந்த அளவு பெய்தாலே, வீணாவது போகச் சுமார் 27 லட்சம் லிட்டர் கிடைக்கும். கடைசி அலசலுக்குக் கன்டெய்னருக்கு ஒரு லட்சம் லிட்டர், அதாவது வருடத்துக்கு 24 லட்சம். டிசம்பர் முதல் மே வரை தேவைப்படும் 12 லட்சத்தைச் சேமித்து வைத்தாக வேண்டும், ஆவியாவதைத் தடுக்க மேலே மூடியும் வேண்டும். களத்துத் தண்ணீரைச் சேர்க்கக் கூடாது. அதில் பித்தின் உப்பு கலந்திருக்கும்.

ஒன்பதில் ஏழு கன்டெய்னராவது தப்பும் என்று எடுத்துக்கொண்டு, பராமரிப்பு ₹1 லட்சம் போக, வருடத்துக்கு ₹10 லட்சம் மிஞ்சும். குளத்துக்குப் போட்ட பணம் இரண்டே கால் வருடத்தில் திரும்பும். மழை இதைவிடவும் பொய்த்தால் அந்த வருடம் குறைந்த இ.சி. ஆர்டரை மாதம் ஒன்றாகக் குறைத்துக்கொள்வோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மற்ற வழிகள்

லாரித் தண்ணீரும் இதே பாறையடியிலிருந்துதான் வருகிறது. மூன்று இடத்தில் சோதித்ததில் 1.1 முதல் 1.5 வரை. ஆர்.ஓ. இயந்திரம் வேலை செய்யும், ஆனால் அது கழித்துவிடும் உப்புநீரை வெளியேற்ற நமக்கு இடமில்லை. பாசன வாய்க்கால் தண்ணீர் கேட்டுப் பார்க்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி சித்தூர்ப்புழைக்கு வருடத்துக்குக் கிடைக்க வேண்டிய 7.25 டி.எம்.சி.யை நம்பி இங்கே நெல் வயல்கள் இருக்கின்றன. அதில் நாம் கை வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

வாய்க்கால் பற்றி

இந்த ₹4 லட்சத்தால் நமக்கு ஒரு ரூபாய்கூட வரவு இல்லை. அதனால் இதைத் தள்ளிப்போடத் தோன்றும். தயவுசெய்து தள்ளிப்போட வேண்டாம். நம் பழுப்புத் தண்ணீர் மண் வாய்க்கால் வழியே தெற்குப் பக்கத் தென்னந்தோப்புக்குள் இறங்குகிறது. அங்கே உள்ள இரண்டு கிணறுகளின் இ.சி. இரண்டு வருடத்தில் 1.2இலிருந்து 1.9 ஆகிவிட்டது, வடக்குப் பக்கக் கிணறுகளில் மாற்றம் இல்லை. (பக்கம் 19.) அந்தத் தோப்புக்காரர் இதுவரை சண்டைக்கு வரவில்லை. நம் களத்தில் வேலை செய்யும் எட்டுக் குடும்பங்களுக்குக் குடிநீர் அந்தக் கிணறுகளில் ஒன்றிலிருந்துதான். அவர்களுக்கு இந்த மாதத்திலிருந்தே நல்ல தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க ஏற்பாடு செய்துவிட்டேன், செலவு ஆலைக் கணக்கில்.

முழுத் தொகைக்கும் இப்போது முடியாது என்றால் வாய்க்காலை முதலில் முடித்துவிட்டு, குளத்தை 8 லட்சம் லிட்டராகச் சிறிதாக்கலாம். அப்போது கோடையில் நான்கு, ஐந்து கன்டெய்னர் சாதாரண விலைக்கே போகும்.

காலம்

ஜூன் முதல் வாரத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும். அதற்குள் கூரைத் தாழ்வாரக் குழாய், விரிப்பு, மூடி எல்லாம் முடிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஒரு வருடம் போய்விடும். மண் வெட்டும் ஒப்பந்தக்காரர் சொன்ன விலை ஜனவரி 31 வரைதான். பஞ்சாயத்துக்கான விண்ணப்பமும் வரைபடமும் தயாராக உள்ளன. சரி என்று ஒரு வரி அனுப்பினால் மறுநாளே கொடுத்துவிடுவேன்.