காரைக்குடி வீடு: முற்றத்துக்கும் பின்கட்டுத் தோட்டத்துக்கும் படக் குறிப்புகள்

தம்பி, கீழே ஒவ்வொரு தலைப்பும் ஒரு தனிப் படம். முதலில் இருக்கும் பொதுக் குறிப்பை எல்லாப் படத்துக்கும் சேர்த்து எடுத்துக்கொள். ஆச்சி இந்தப் படங்களைப் பார்த்துத்தான் செடி வாங்கச் சொல்லப் போகிறார், அதனால் அங்கே வளராத எதுவும் ஓர் இலைகூட உள்ளே வரக் கூடாது.

எல்லாப் படத்துக்கும் பொது

கிழக்குப் பார்த்த பழைய வீடு. நடுவில் திறந்த முற்றம், கிழக்கு மேற்காக 24 அடி, தெற்கு வடக்காக 18 அடி. நாலு பக்கமும் தேக்குத் தூண் வைத்த தாழ்வாரம், சாய்ந்த ஓடு, ஓட்டு விளிம்பு தரையிலிருந்து 12 அடி. தாழ்வாரத் தரையில் ஆத்தங்குடிக் கல், முற்றத்தில் கருங்கல் பலகை. ஆத்தங்குடிக் கல்லை மழை விழும் இடத்துக்கு இழுத்துக்கொண்டு வராதே, நனைந்தால் வழுக்கும். சுவர் சுண்ணாம்பு வெள்ளை, அங்கங்கே பழுப்பேறியது. புல்தரை, லாவெண்டர், பைன், உருண்டையாக வெட்டிய வேலி, வெள்ளைக் கூழாங்கல் இவை எதுவும் வேண்டாம். படம் 6 தவிர மற்றதில் செடிகளை நட்டு மூன்று வருஷம் ஆன அளவில் காட்டு. முற்றத்தில் கொடியை விட்டால் ஆளுயரத்தைத் தாண்டியதாகப் பவழமல்லி மட்டும் இருக்கட்டும்.

படம் 1: மார்கழி காலை ஏழு மணி, தெற்குத் தாழ்வாரத்திலிருந்து வடக்கே பார்த்து

கண்மட்டம், உட்கார்ந்திருப்பவரின் உயரம், அதாவது தரையிலிருந்து மூன்றரை அடி. வெயில் இன்னும் முற்றத்துத் தரைக்கு வரவில்லை, மேற்குப் பக்க ஓட்டின் மேல்வரிசையில் மட்டும் மஞ்சளாகப் பட்டிருக்கிறது. வடகிழக்கு மூலையில் பவழமல்லி, பத்தடி உயரம், அடியிலிருந்தே நாலைந்து கிளையாகப் பிரிந்தது, இலை சொரசொரப்பு. அதன் கீழே பெருக்கிச் சுத்தமாக இருக்கும் கருங்கல்லில் இரவெல்லாம் உதிர்ந்த பூக்கள். வெள்ளை இதழ், ஆரஞ்சுக் காம்பு, பாதிப் பூ கவிழ்ந்து கிடக்க வேண்டும், ஏனென்றால் அந்தக் காம்பின் நிறம் கவிழ்ந்த பூவில்தான் தெரியும். உதிர்ந்ததையே பூஜைக்கு எடுக்கும் பூ இது, அதனால் மண்ணிலோ சருகிலோ விழுவதாகக் காட்டாதே, கல்லில்தான் விழ வேண்டும். பக்கத்தில் ஒரு பித்தளைத் தட்டு, பாதி நிறைந்தது. ஆள் வேண்டாம்.

துளசி மாடம் இப்போது இருக்கும் இடத்திலேயே, முற்றத்தின் நடுவில். அதை அழகுக்காக நகர்த்தாதே. வடக்கு ஓரத்தில் நந்தியாவட்டை இரண்டு, நடுவே சிவப்பு வெட்சி தாழ்வாக. மேற்குத் தூண் ஒன்றில் முல்லைக் கொடி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது. அடர்த்தியான பச்சைச் சுவர் மாதிரி வேண்டாம், தூணின் மரம் இலைகளுக்கு நடுவே தெரியட்டும்.

படம் 2: மேலிருந்து, முற்றம் மட்டும், மார்கழி நண்பகல்

இந்தப் படத்தில் நிழல்தான் முக்கியம். காரைக்குடி சுமார் 10 டிகிரி வடக்கில் இருப்பதால் அந்த மாதம் உச்சியில் சூரியன் தெற்கே சாய்ந்து ஏறக்குறைய 56 டிகிரியில் நிற்கும். 12 அடி ஓட்டு விளிம்பின் நிழல் தெற்கு ஓரத்திலிருந்து எட்டடி வரைக்கும் விழும். அந்த எட்டடிக்குள்தான் பாதை. கிழக்குத் தாழ்வாரத்திலிருந்து மேற்கில் சமையல்கட்டு வாசல் வரைக்கும் நேராக, மூன்றரை அடி அகலத்தில், உளி கொத்திய சாம்பல் கருங்கல் பலகை. கடப்பைக் கல் வேண்டாம், சித்திரை வெயிலில் வெறுங்காலோடு நடக்க முடியாது. வளைவுப் பாதையும் வேண்டாம். குடத்தையும் தாம்பாளத்தையும் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் நேராகத்தான் நடப்பார்கள், வளைத்துப் போட்டால் ஒரு மாதத்தில் செடிக்கு நடுவே ஒற்றையடித் தடம் விழும்.

கிழக்கு முனையில் தாழ்வாரம் ஆறு அங்குலம் உயரம். அங்கே படியை எடுத்துவிட்டு ஆறடி நீளச் சரிவு, ஓர் அடிக்கு ஓர் அங்குலம். ஒரு பக்கம் கைப்பிடி, மரத்தில். ஆச்சி இப்போது கோல் ஊன்றி நடக்கிறார், நாளைக்குச் சக்கர நாற்காலி வந்தாலும் இதில் போகும். பாதைக்கும் தெற்குத் தாழ்வாரத்துக்கும் நடுவே மண்தொட்டிகளில் பெரணியும் பாம்புக் கற்றாழையும். தரையில் நடாமல் தொட்டியில் வைப்பதற்குக் காரணம், ஆனியில் சூரியன் வடக்கே போய்விடும், அப்போது இந்த ஓரத்துக்கு உச்சி வெயில் வரும், பெரணியைத் தூக்கி வடக்கே வைக்க வேண்டியிருக்கும்.

படம் 3: ஊஞ்சல், தெற்குத் தாழ்வாரம்

வீட்டில் உள்ள பழைய தேக்குப் பலகை ஊஞ்சலேதான், பித்தளைச் சங்கிலி. பலகை தரையிலிருந்து 18 அங்குலம், முன்னும் பின்னும் நாலடி காலி. முகம் வடக்கே, பவழமல்லியையும் மாடத்தையும் பார்த்து. வெற்றிலைப் பெட்டி வைக்க ஓரத்தில் ஒரு சின்ன முக்காலி. மெத்தை, குஷன், தொங்கும் விளக்குகள் எதுவும் வேண்டாம்.

படம் 4: பின்கட்டுத் தோட்டம், மாலை நாலரை மணி, பங்குனி

மேற்கே 60 அடி ஆழம், 40 அடி அகலம். தென்மேற்கில் ஏற்கெனவே நிற்கும் பெரிய வேம்பு, வடகிழக்கில் கிணறு. மேற்கு வெயில் காட்டமாக அடிக்கும் நேரம் இது. வேம்பின் நிழல் கிழக்குப் பக்கம் நீண்டு விழ, அந்த நிழலுக்குள்ளே கல் பெஞ்ச், அடிமரத்திலிருந்து பத்தடி தள்ளி. ஐந்தடி நீளம், 17 அங்குல உயரம், சாய்மானமும் ஒரு கைப்பிடியும் உண்டு, ஏனென்றால் வயதானவர்கள் எதையாவது பிடித்துத்தான் எழுந்திருக்க முடியும். பெஞ்சில் உட்கார்ந்தால் கிணறு தெரிய வேண்டும்.

வீட்டு வாசலிலிருந்து கிணற்றுக்கு நாலடி அகலப் பாதை, இரண்டு பேர் சேர்ந்து நடக்கும்படி. கிணற்றிலிருந்து பெஞ்சுக்குத் தனித்தனிக் கல், நடுவுக்கு நடு இரண்டடி, இடையில் அருகம்புல். துவைக்கும் கல்லிலிருந்து ஓடும் தண்ணீர் வாய்க்காலாகப் போய் வாழைக்குப் பாய்வது தெரியட்டும். வாய்க்கால் ஓரம் கல்வாழையும் சேம்பும். சமையல்கட்டுப் பக்கம் கறிவேப்பிலை, கற்பூரவல்லி, எலுமிச்சை. கறிவேப்பிலை கைக்கு எட்டும் உயரத்தில், நுனி ஒடித்து ஒடித்துப் புதராகக் கிளைத்ததாக இருக்கட்டும், நெட்டையாக வேண்டாம். முருங்கை ஒன்று மேற்கு மதிலோரம். பாதைக்கும் பெஞ்சுக்கும் மேலே அதன் கிளை வரவே கூடாது, லேசான காற்றுக்கே ஒடிந்து விழும். அரளி எங்கேயும் வேண்டாம், பேரப்பிள்ளைகள் வருவார்கள், அது முழுக்க நஞ்சு.

படம் 5: ஐப்பசி மழை, முற்றம்

படம் 1-இன் அதே கோணம். நாலு ஓட்டுச் சரிவிலிருந்தும் தண்ணீர் கம்பியாக இறங்குகிறது, கல் கறுத்து மின்னுகிறது, பாதை மட்டும் ஓர் அங்குலம் உயர்ந்து நிற்பதால் அதன்மேல் தண்ணீர் தேங்கவில்லை. வடமேற்கு மூலையில் தண்ணீர் வெளியேறும் கல்துளை, மேலே பித்தளைச் சல்லடை, அதில் ரெண்டு மூணு முல்லை இலை ஒட்டிக்கொண்டிருக்கட்டும்.

படம் 6: படம் 4-இன் அதே கோணம், நட்ட வாரம்

இதைக் கட்டாயம் போட வேண்டும். வேம்பு பெரியது, மற்றதெல்லாம் முழங்கால் உயரம். எலுமிச்சைக்குக் குச்சி ஊன்றியிருக்கிறது, வாழை வெறும் கன்று, செடிகளுக்கு நடுவே செம்மண் நிறையத் தெரிகிறது, பாதைக் கல்லின் இடைவெளியில் புல் இன்னும் பிடிக்கவில்லை. படம் 4-ஐயும் இதையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அச்சிட்டுக் கொடு, ஆச்சியின் கண்ணாடிக்குத் தெரியும்படி எழுத்து பெரிதாக.