பொதுவில் ஒரு பூச்சிக்காளை வாங்குவது பற்றி அக்கம்பக்கத்தாருக்கு ஒரு கடிதம்

குண்டடம் வழி, தாராபுரம் வட்டம்
02.02.2025, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சுப்பிரமணி மாமா, வேலுச்சாமி அண்ணன், பாப்பாத்தி அக்கா, காளியப்பன் மச்சான், தம்பி செல்வராசு ஆகியோருக்கு,

தெற்குத் தோட்டத்துச் சிவசாமி எழுதுகிறேன். தனித்தனியாகப் பேசியபோது எல்லோரும் ஒரே குறையைத்தான் சொன்னீர்கள். மாடு பருவத்துக்கு வந்தால் காளை இல்லை. காளை இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோவதற்குள் பருவம் தணிந்துவிடுகிறது. வாய்ப்பேச்சாக விட்டால் ஆளுக்கொரு விதமாக நினைவில் நிற்கும் என்பதால் எல்லாவற்றையும் எழுதி, ஒரே கடிதத்தை ஐந்து வீட்டுக்கும் கொடுக்கிறேன். நான் கேட்பது இதுதான்: நாம் ஆறு குடும்பமும் சேர்ந்து, மாட்டுக் கணக்கில் பங்கு போட்டு, நல்ல காங்கயம் பூச்சிக்காளை ஒன்றை வரும் சித்திரையில் வாங்க வேண்டும்.

நம் அப்பன்கள் காலத்தில் இது ஒரு பேச்சாகவே இருந்திருக்காது. மேய்ச்சலுக்குக் கொரங்காடு வைத்திருந்த பெரிய பண்ணையம் ஒவ்வொன்றிலும் ஒரு காளை நின்றது. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் பொறுக்கியெடுத்து வளர்த்த வர்க்கம் இந்தச் சுற்றுவட்டாரம் முழுக்கப் பரவியிருந்தது. பிறகு டிராக்டர் வந்தது, வண்டி மாட்டின் தேவை போனது, பால் சொசைட்டிக்காக ஜெர்சி கலப்பு வந்தது, கொரங்காடு பல தென்னந்தோப்பாகவும் வீட்டு மனையாகவும் மாறின. ஆண்டு முழுவதும் வேலை இல்லாமல் தீனி தின்னும் காளையை ஒரே குடும்பம் ஏன் கட்டிக் காக்க வேண்டும் என்று ஒவ்வொருவராக விற்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நானும் மூன்று மாடு வைத்துக்கொண்டு ஒரு காளையைத் தனியாகக் கட்ட முடியாது. அதனால்தான் இதை ஆறு பேர் வேலையாகப் பார்க்கிறேன்.

சினை ஊசி இருக்கும்போது காளை எதற்கு என்று செல்வராசு கேட்டது நியாயமான கேள்வி. ஊசிக்கு நான் எதிரியல்ல. காங்கயம் உறைவிந்து கிடைக்கிறது, நோய் பரவும் பயமும் அதில் குறைவு. ஆனால் நம் மாடுகள் கத்தி ஊரைக் கூட்டுகிற மாடுகள் அல்ல. பல நேரம் அமைதியாகவே பருவத்துக்கு வந்து போய்விடுகின்றன. அந்தப் பருவம் ஒரு நாள்கூட முழுதாக நிற்பதில்லை. நாம் சாயங்காலம் கவனித்து, காலையில் மருந்தகத்துக்குப் போன் செய்து, அவர்கள் கையில் இருக்கும் வேலையை முடித்து வந்து சேர்வதற்குள் நேரம் தப்பிவிடுகிறது. தப்பினால் இன்னும் 21 நாள். இரண்டு மூன்று முறை தப்பினால் இரண்டு மாதத் தீனி வீண், கன்றும் அவ்வளவு தள்ளிப்போகிறது. காளை பட்டியில் நின்றால் நம் கண்ணுக்குத் தெரியாத பருவமும் அதற்குத் தெரியும். எனக்கு இதுதான் பெரிய காரணம்.

இனிக் கணக்கு. எனக்கு 3 மாடு, மாமாவுக்கு 4, வேலுச்சாமி அண்ணனுக்கு 3, அக்காவுக்கு 2, காளியப்பனுக்கு 3, செல்வராசுக்கு 1. மொத்தம் 16. கிடேரிகளைச் சேர்க்கவில்லை. நல்ல வர்க்கத்துக் காளைக்கு 96,000 ரூபாய் வரை போகலாம் என்று வைத்தால் ஒரு மாட்டுக்கு 6,000 ரூபாய் முதல் போட வேண்டும். செல்வராசு 6,000, மாமா 24,000. ஆளுக்குச் சமமாகப் போடலாம் என்று மாமா பெருந்தன்மையாகச் சொன்னார், ஆனால் அப்படிச் செய்தால் ஒரு மாடு வைத்திருப்பவன் நான்கு மாட்டுக்காரருக்குத் தீனி போட்டதாக ஆகும். இரண்டு வருடத்தில் மனக்கசப்பு வரும். மாட்டுக் கணக்கே சரி.

வருடச் செலவை இப்படிப் போட்டிருக்கிறேன். மேய்ச்சல் போக, சோளத்தட்டு, தவிடு, புண்ணாக்கு, பருத்திக்கொட்டை எல்லாம் சேர்த்து நாளுக்கு 90 ரூபாய், வருடத்துக்கு 32,850. காப்பீட்டுக்கு 4,000. கயிறு, மருந்து, இரத்தப் பரிசோதனைக்கு 3,150. ஆக 40,000 ரூபாய். காளையைக் கட்டிப் பார்க்கிறவரிடம் மாதப் பணம் கேட்கக்கூடாது. வேலுச்சாமி அண்ணன் பார்ப்பதாக வைத்து, அவருடைய 3 மாட்டைக் கழித்தால் 13 மாடு. மாட்டுக்கு மாதம் 260 ரூபாய் வருகிறது. இப்போது ஒரு முறை காளைக்குக் கொண்டுபோனால் டெம்போ வாடகை 1,200, காளைக்காரருக்கு 500. நிற்காவிட்டால் திரும்பவும் அதே 1,700. கையில் இருந்து போகும் பணத்தில் பெரிய மிச்சம் என்று நான் சொல்ல மாட்டேன். தப்பாமல் சினை பிடிப்பதில்தான் லாபம்.

பணம் தட்டுப்பாடான மாதத்தில் சோளத்தட்டாகக் கொடுத்தாலும் எடுத்துக்கொள்ள வேண்டும். அக்கா, இதை உங்களை நினைத்தே எழுதினேன். உங்கள் மானாவாரிச் சோளத்தட்டைப் போல இங்கே யாரிடமும் இல்லை. அன்றைய விலையைப் போட்டு உங்கள் கணக்கில் வரவு வைத்துவிடலாம்.

காளை எங்கே நிற்பது? மாதம் ஒரு வீடு என்று சுற்றுக்கு விடலாம் என்று காளியப்பன் சொன்னார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, மச்சான். இடம் மாறிக்கொண்டே இருந்தால் காளை மிரளும், யாருக்கும் அடங்காது. இளைத்துப்போனாலும் போன மாதத்துக்காரரைச் சொல்லித் தப்பித்துக்கொள்வோம். பழகிய ஒரு கை வேண்டும். வேலுச்சாமி அண்ணனுக்கு எட்டு ஏக்கர் கொரங்காடு இருக்கிறது, கிளுவை வேலி இடைவெளி இல்லாமல் நிற்கிறது, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மர நிழலும் உண்டு, அவரும் தோட்டத்திலேயே குடியிருக்கிறார். அவர் சம்மதித்தால் காளை அங்கேயே நிற்கட்டும். சாணம் முழுவதும் அவருக்கு. அவர் ஊருக்குப் போகும் நாளில் நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். நோயிலோ இடி மின்னலிலோ காளை இறந்துபோனால் அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கக்கூடாது. இதை ஒப்பந்தத்தில் முதல் வரியாக எழுத வேண்டும் என்பது என் விருப்பம்.

நோய் விஷயத்தில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பொதுக்காளைக்கு உள்ள பெரிய ஆபத்தே இதுதான். கருச்சிதைவு நோய் ஒரு மாட்டில் இருந்தால் பதினாறுக்கும் வர வழி உண்டு. சினை வீசிய மாட்டின் கழிவைக் கையால் தொடுகிற நமக்கும் அது தொற்றும். ஆகவே வாங்குவதற்கு முன் காளைக்கு இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். வந்தபின் ஒரு மாதம் தனியே கட்ட வேண்டும். நம் 16 மாட்டுக்கும் அந்த மாதத்துக்குள் பரிசோதனை முடித்துவிட வேண்டும். கன்று வீசிய மாட்டை மருத்துவர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை காளைக்கு விடக்கூடாது, அது என் மாடாக இருந்தாலும். கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்துக்கு ஒரு முறை, விடாமல். கிடேரிக் கன்றுகளுக்கு நான்கு மாதத்துக்கு மேல் எட்டு மாதத்துக்குள் கருச்சிதைவுத் தடுப்பூசி போட்டுவிட வேண்டும்.

வெளியார் மாடு வேண்டாம். காளை வந்த செய்தி தெரிந்ததும் சொந்தமும் பந்தமும் மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள், முகத்தை முறிக்க முடியாது. அதனால் இப்போதே முடிவு செய்துகொள்வோம்: முதல் வருடம் யாருக்கும் இல்லை. இரண்டாம் வருடம் வேண்டுமானால், பரிசோதனைச் சீட்டு கொண்டுவருபவருக்கு மட்டும் 600 ரூபாய் வாங்கிக்கொண்டு விடலாம். அந்தப் பணம் தீனிக் கணக்கில் சேரட்டும்.

இளங்காளையாக வரும், வாரத்துக்கு இரண்டு மூன்று மாட்டுக்கு மேல் விட்டுக் கெடுக்கக்கூடாது. ஒரே நாளில் இரண்டு மாடு வந்தால் முதலில் தகவல் சொன்னவருக்கு முதலில். ஒரு நோட்டில் மாட்டின் காதுத்தோடு எண்ணும் விட்ட தேதியும் எழுதிவைப்போம். அந்த நோட்டு செல்வராசிடம் இருக்கட்டும், கையெழுத்து தெளிவாக இருக்கும். மூன்று முறை விட்டும் நிற்காத மாட்டை மருத்துவரிடம் காட்டிய பிறகே நான்காம் முறை.

மூன்று வருடத்தில் காளையை மாற்றியாக வேண்டும். அதற்குள் அதன் மகள்கள் பருவத்துக்கு வரத் தொடங்கிவிடும். தகப்பனோடு சேரவிட்டால் வர்க்கம் கெட்டுப்போகும். எவ்வளவு நல்ல காளையானாலும், எவ்வளவு பாசம் வைத்திருந்தாலும் மாற்ற வேண்டும். இன்னொரு ஊர்க்காரரின் பூச்சிக்காளையோடு மாற்றிக்கொள்ள முடிந்தால் நல்லது, இல்லையென்றால் வளர்ப்புக்கு வாங்குபவரிடம் விற்று, முதல் போட்ட அதே விகிதத்தில் பிரித்துக்கொள்வோம். நடுவில் விலகுகிறவருக்கும் பங்கு உண்டு, ஆனால் காளை விற்கும்போதுதான் கிடைக்கும்.

காளை பார்ப்பதற்குச் சுப்பிரமணி மாமாவைத் தவிர வேறு ஆள் எனக்குத் தோன்றவில்லை. திமிலையும் கொம்பையும் நாம் எல்லோரும் பார்ப்போம். மாமா தாய்ப்பசுவைப் பார்ப்பார், மடியைப் பார்ப்பார், எத்தனை ஈற்று என்று கேட்பார், காளையை நடக்கவிட்டுக் குளம்பைப் பார்ப்பார். மயிலையாக இருந்தால் எனக்கு மகிழ்ச்சி, காரியோ செவலையோ ஆனாலும் தாய் நன்றாக இருந்தால் மறுக்க மாட்டேன். குணம் முக்கியம். அக்காவும் பிள்ளைகளும் போய்வரும் தோட்டம், முட்டுகிற காளை எந்த விலைக்கும் வேண்டாம். பழையகோட்டை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் இப்போதிருந்தே பார்த்து வரலாம். அங்கே அமையாவிட்டால் சித்திரையில் கண்ணபுரம் தேர்ச் சந்தை இருக்கிறது. இனவிருத்திக் காளைகள் தொடர்பாக 2019இல் மாநில அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. பதிவு செய்ய என்னென்ன வேண்டும் என்பதைக் கால்நடை மருத்துவரிடம் நான் கேட்டு வருகிறேன்.

ஒன்றை மட்டும் மனம்விட்டுச் சொல்கிறேன். போன வருடம் இந்தப் பகுதியில் இரண்டு பட்டி காலியானது. மாடு கெட்டதாலோ மேய்ச்சல் இல்லாததாலோ விற்கவில்லை. சினை பிடிக்காத மாட்டை எத்தனை மாதம் வைத்திருப்பது என்றுதான் விற்றார்கள். அந்த மாடுகள் வண்டி ஏறியதை நான் பார்த்தேன். நல்ல இளம் மாடுகள். நம் பதினாறுக்கும் அந்த நிலை வரக்கூடாது.

வரும் ஞாயிறு, 9ஆம் தேதி மாலை நான்கு மணிக்கு வேலுச்சாமி அண்ணன் தோட்டத்தில் கூடலாமா? அண்ணனிடம் இன்னும் வாய்விட்டுக் கேட்கவில்லை. அண்ணா, உங்களுக்கு முடியாது என்றால் தயங்காமல் சொல்லுங்கள், என் தோட்டத்திலேயே வேலி அடைத்துத் தயார் செய்கிறேன். அக்காவுக்கு அன்று வர முடியாவிட்டால் முந்தின நாளே நான் வீட்டுக்கு வந்து பேசிக்கொள்கிறேன். வரும்போது ஒவ்வொருவரும் தங்கள் மாடுகளின் காதுத்தோடு எண், கடைசியாக ஈன்ற மாதம், எப்போதாவது கன்று வீசியிருந்தால் அது, மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். அன்று யாரும் பணம் கொண்டுவர வேண்டாம். மேலே எழுதியதில் ஒத்துக்கொள்ள முடியாத இடத்தைக் கோடிட்டு வைத்திருங்கள், அதை மட்டும் உட்கார்ந்து பேசுவோம். எல்லோரும் சரி என்ற பிறகு முத்திரைத்தாளில் எழுதி ஆறு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
சிவசாமி
தெற்குத் தோட்டம்

பின்குறிப்பு: மாமா, உங்கள் செவலை மாடு சென்ற வாரம் பருவத்துக்கு வந்ததாகச் சொன்னீர்கள். காளை வரும்வரை காத்திருக்க வேண்டாம், அடுத்த பருவத்துக்கு ஊசியே போட்டுவிடுங்கள். மருத்துவர் வரும்போது என்னையும் கூப்பிடுங்கள், மாட்டைப் பிடித்துக்கொள்ள வருகிறேன்.