தாத்தாவின் கணக்கு நோட்டுகளைப் படமெடுக்கும் முன்

அன்புள்ள கயல்,

தாத்தாவின் ஏழு நோட்டுகளையும் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டி வைத்திருக்கிறாய் என்று அப்பா போனில் சொன்னார். நீ அனுப்பிய இரண்டு மாதிரிப் படங்களும் வந்தன. முதல் தடவைக்கு நன்றாகத்தான் எடுத்திருக்கிறாய். இருந்தாலும் இரண்டாவது படத்தில் கீழிருந்து நான்காவது வரியில் அரை மணி நேரம் மாட்டிக்கொண்டேன். அது 6 ஆ 0 வா என்று தெரியவில்லை. உன் போனின் நிழல் சரியாக அந்த இடத்தில் விழுந்திருக்கிறது. நோட்டு கையில் இருந்தால் ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்துவிடுவேன். இப்போது உன் படம்தான் எனக்கு நோட்டு, அதைப் பார்த்துத்தான் கணக்குகளைத் தட்டச்சு செய்யப்போகிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் வெளிச்சம். பிளாஷ் வேண்டாம், மினுமினுப்பான தாளில் நடுவில் வெள்ளைத் திட்டு விழுந்து எழுத்தைத் தின்றுவிடும். ஜன்னல் பக்கம் மேசை போட்டுக்கொள். வெயில் நேரே விழக்கூடாது, வெளிச்சம் மட்டும் பக்கவாட்டில் வந்தால் போதும். அறை விளக்கை அணைத்துவிடு. அது தலைக்கு மேல் இருப்பதால்தான் உன் நிழலும் போனின் நிழலும் தாளின் மேல் விழுகின்றன.

நோட்டை முழுக்க விரித்து அமுக்காதே. பழைய தையல் விட்டுப்போனால் தாள்கள் கழன்று வரிசை குலையும். எந்தப் பக்கத்தை எடுக்கிறாயோ அது மட்டம் ஆகும்வரை அதன் அடியில் பாடப்புத்தகங்களை அடுக்கு. மற்றப் பாதி சாய்ந்தே இருக்கட்டும். ஒரு படத்தில் ஒரு பக்கம்தான். முதல் படத்தில் இரண்டு பக்கத்தையும் சேர்த்து எடுத்ததால், தையல் பள்ளத்துக்குள் அணா பத்தி முழுவதும் போய்விட்டது. ரூபாய் தெரிகிறது, அணா தெரியவில்லை. அதை வைத்து நான் என்ன செய்வேன், சொல்!

கேமராவில் கட்டக்கோடுகளைப் போட்டுக்கொள். பக்கத்தின் ஓரம் அந்தக் கோட்டோடு ஒட்டி நேராகத் தெரிந்தால் போன் சாயவில்லை என்று அர்த்தம். நான்கு ஓரமும் படத்துக்குள் வர வேண்டும். ஜூம் செய்யாதே, போனைக் கிட்டே கொண்டுபோ. எழுத்து ரொம்பப் பொடியாக இருந்தால் மேல்பாதி, கீழ்பாதி என்று இரண்டு படமாக எடு. நடுவில் இரண்டு வரிகள் இரண்டிலும் வரட்டும், எங்கே ஒட்டுவது என்று எனக்குத் தெரியும். எழுத்தின்மேல் ஒரு தடவை தொட்டு ஃபோகஸ் ஆனதும் எடு. கை நடுங்கினால் மூன்று விநாடி டைமர் வைத்துக்கொள்.

ஸ்கேன் ஆப் எதையும் பயன்படுத்தாதே. அவை பக்கத்தைப் பளிச்சென்று வெள்ளையாக்குகிறேன் என்று பென்சில் குறிகளை அழித்துவிடும். சிவப்பு மையும் கறுப்பாகிவிடும். தாத்தா சிவப்பில் எழுதியது ஒன்று, நீலத்தில் எழுதியது ஒன்று. ஏன் என்று நமக்குத் தெரிகிறதோ இல்லையோ, நிறம் அப்படியே வர வேண்டும். மங்கிய பக்கமும் மங்கியே வரட்டும். வெளிச்சத்தைக் கூட்டுவதெல்லாம் நானே செய்துகொள்கிறேன்.

பின்பக்கத்து மை ஊறித் தெரியும் தாள்கள் சில இருக்கும். அங்கே தாளுக்கு அடியில் ஒரு கறுப்பு அட்டையைச் செருகிப் பார், மறுபக்க எழுத்து பாதி அடங்கிவிடும்.

இப்போது எழுத்துகளைப் பற்றி. தாத்தா பழைய கணக்குக்காரர்களின் வழக்கப்படி தமிழ் எண்களும் குறிகளும் போட்டிருக்கிறார். ௧ க மாதிரி, ௨ உ மாதிரி, ௭ எ மாதிரி, ௮ அ மாதிரி இருக்கும். ௹ ரூபாய், ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி, அதாவது மேல் வரியில் உள்ளதே. ௳ ௴ ௵ மூன்றும் நாள், மாதம், வருடம். இதெல்லாம் நீ மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரு சுழியோ ஒரு கொம்போ மங்கினால் க ௧ ஆகிவிடும், பெயர் தொகையாகிவிடும் என்று தெரிந்தால் போதும். அதனால் ஒவ்வொரு பக்கம் எடுத்ததும் படத்தைப் பெரிதாக்கி, நான்கு மூலையையும் கடைசி வரியையும் பார். நடு எப்போதும் தெளிவாகத்தான் இருக்கும், மூலைகள்தான் ஏமாற்றும்.

கடைசி வரியில் பெரும்பாலும் கூட்டல் இருக்கும், அடுத்த பக்கத்தின் முதல் வரியில் அதே தொகை வந்திருக்கும். நான் தட்டச்சு செய்தது சரியா என்று சோதிக்க எனக்கு அதைவிட நல்ல வழி கிடையாது. பழைய கணக்கில் 5-8-6 என்றால் ஐந்து ரூபாய், எட்டு அணா, ஆறு பை. 12 பை ஓர் அணா, 16 அணா ஒரு ரூபாய். 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு நூறு காசு கணக்கு வந்தது. உன் தாத்தாவின் இரண்டாவது நோட்டில் அந்த மாற்றம் வரும். அங்கே கொஞ்ச நாள் இரண்டு முறையும் கலந்திருக்கலாம். அந்தப் பக்கங்களில் கூடுதல் கவனம் வை.

அடித்துத் திருத்திய இடங்களையும் காலிப் பக்கங்களையும் அட்டையையும்கூட எடு. "இதில் ஒன்றுமில்லை" என்று நீ முடிவு செய்ய வேண்டாம். காலிப் பக்கம் வராவிட்டால் நீ விட்டுவிட்டாயா, அது காலியா என்று நான் தவிக்க வேண்டியிருக்கும். இடையில் துண்டுச் சீட்டு இருந்தால், இருக்கிற இடத்திலேயே வைத்து ஒரு படம், தூக்கிவிட்டு அடிப் பக்கம் ஒரு படம், சீட்டின் முன்பின் இரண்டு படம், அப்புறம் பழைய இடத்திலேயே வைத்துவிடு. துருப்பிடித்த குண்டூசியைப் பிடுங்காதே, தாளோடு வந்துவிடும். அப்பாவைக் கூப்பிடு.

வரிசை மாறாமல் இடம், வலம் என்று எடு. வலப்பக்கங்களை முதலில் எடுத்துவிட்டு இடப்பக்கங்களுக்கு வந்தால் வேகம் என்று சிலர் சொல்வார்கள். எனக்குப் பிடிக்காது, ஒன்று விட்டுப்போனால் எது என்று கண்டுபிடிக்கவே முடியாது. நோட்டு மூன்றின் 47ஆம் பக்கத்துக்கு `N3_047.jpg` என்று பெயர் வை. இரண்டு பாதியாக எடுத்தால் `N3_047a.jpg`, `N3_047b.jpg`. நோட்டில் பக்க எண் இல்லாவிட்டால் நீயே அட்டையிலிருந்து எண்ணிக்கொள், ஆனால் நோட்டின் மேல் எழுதாதே.

வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் அளவு சுருங்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பு, இல்லாவிட்டால் பென் டிரைவில் போட்டு அப்பாவிடம் கொடு. போனிலிருந்து உடனே அழித்துவிடாதே, நான் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். வேறு யாருக்கும் காட்டவும் வேண்டாம். யார் எவ்வளவு கடன் வைத்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் உன் வகுப்பிலேயே இருக்கலாம்.

தாத்தா மதியம் தூங்கி எழுந்து நல்ல மனநிலையில் இருக்கும்போது இரண்டு பக்கத்தை வாசித்துக் காட்டச் சொல். பெயர்களுக்கு அவர் போட்டிருக்கும் ஒற்றை எழுத்துச் சுருக்கங்கள் யார் யார் என்று ஒரு தாளில் எழுதிக்கொள். அவர் நினைவுக்கு வராததை வராதது என்றே எழுது. அந்தத் தாளையும் படமெடுத்து அனுப்பு.

முதலில் நோட்டு ஒன்றின் பத்துப் பக்கம் மட்டும் எடுத்து அனுப்பு. நான் பார்த்துச் சொன்ன பிறகு மற்றதைத் தொடங்கலாம். அந்த நான்காவது வரியையும் மறுபடி ஒரு தடவை எடுத்து அனுப்பு, சரியா? எனக்கு 6 என்றுதான் தோன்றுகிறது, ஆனால் கூட்டல் இடிக்கிறது.

அன்புடன்,
பெரியப்பா